சந்துக்குள் இருக்கிற மெஸ்ஸுக்கு என்ன எழுதுவது, எதில் எழுதுவது?

பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிய ஒரு குறுக்குத் தெருவில் 16 பேர் உட்காரக்கூடிய மெஸ் ஒன்று இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும். சாயங்காலம் ஆறரைக்குப் போனால் நாலு மேசையும் காலியாகக் கிடக்கும். அதை நடத்துகிற அக்காவும் அண்ணாச்சியும் ராத்திரி டிபனை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார்கள். அதற்கு முன்னால் ஒரு விளம்பரம் போட்டுப் பார்த்துவிடுவோம் என்று என்னிடம் வந்தார்கள். எனக்கு டிடிபி வேலை. பிட் நோட்டீஸ், பிளக்ஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் எங்கள் கடையில் அடித்துத் தருவோம்.

அக்கா நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தது இது:

“சுவையான, தரமான, சுகாதாரமான முறையில் தயாரிக்கப்பட்ட சைவ உணவுகள் கிடைக்கும். இட்லி, தோசை, ரவா தோசை, ஊத்தப்பம், சப்பாத்தி, பூரி, இடியாப்பம், ஆப்பம், சேமியா கிச்சடி. விசேஷங்களுக்கு ஆர்டரின் பேரில் செய்து தரப்படும். ஒருமுறை வாருங்கள், மறுமுறை நீங்களே வருவீர்கள்!”

அண்ணாச்சிக்கு இதில் நம்பிக்கை இல்லை. “தள்ளுபடி போட்டாத்தான் சனம் திரும்பிப் பாக்கும்” என்றார். அவர் சொன்னது: “20% தள்ளுபடி! 15 நாட்களுக்கு மட்டும்!”

நான் மூன்றாவதாக ஒன்று எழுதினேன்:

“இடியாப்பம் – சொதி. சாயங்காலம் 6 முதல் 9 வரை. 60 ரூபாய். இந்தத் தெருவில் நாலாவது கடை.”

இந்த மூன்றில் எது என்பது ஒரு முடிவு. அதை எதில் போடுவது, பிளக்ஸா, பிட் நோட்டீஸா, முக்கில் ஒரு கரும்பலகையா, வாட்ஸ்அப்பா என்பது இன்னொரு முடிவு. கையில் 3,000 ரூபாய்தான் இருந்தது. பலர் இரண்டாவது முடிவை முதலில் எடுத்துவிட்டு வருவார்கள். “எட்டுக்கு நாலுல ஒரு பிளக்ஸ் போடுங்க” என்று அளவைச் சொன்ன பிறகுதான் அதில் என்ன எழுதுவது என்று யோசிப்பார்கள். நான் வாசகத்திலிருந்து தொடங்குகிறேன்.

எல்லாவற்றையும் எழுதுவதா, ஒன்றை மட்டும் எழுதுவதா

அக்கா எல்லாவற்றையும் எழுதச் சொன்னதில் ஒரு நியாயம் உண்டு. “தம்பி, பூரி போடலன்னா பூரி கேக்கிறவன் வராமப் போயிருவான்லா” என்றார். ஆனால் தெருவில் போகிறவர் நின்று ஒன்பது பண்டங்களைப் படித்து அதில் தனக்குப் பிடித்ததைத் தேடுவதில்லை. பட்டியலைப் பார்த்ததும் அவர் மனத்தில் பதிவது “எல்லாக் கடையிலும் இருப்பதுதான் இங்கேயும் இருக்கிறது” என்பது மட்டும்தான். பட்டியலுக்கு உரிய இடம் கடைக்கு உள்ளே, மேசைக்கு எதிர்ச் சுவர். உள்ளே வந்து உட்கார்ந்தவர் பூரி இருக்கிறதா என்று அங்கே பார்த்துக்கொள்வார்.

சுவை, தரம், சுகாதாரம் என்ற மூன்று சொற்களையும் நான் எந்தச் சாப்பாட்டுக் கடைக்கும் எழுதுவதில்லை. சோதித்துப் பார்ப்பது சுலபம். எழுதிய வாசகத்தில் கடைப் பெயரை அடித்துவிட்டு எதிர்க்கடையின் பெயரைப் போட்டுப் படியுங்கள். அப்படியே பொருந்தினால் அந்த வரி உங்கள் கடைக்கு எதையும் செய்யாது. அக்காவின் கடையில் தேங்காய்ப்பாலைத் தினமும் மூன்று மணிக்கு மேல் அங்கேயே துருவிப் பிழிகிறார்கள். பாக்கெட் பால், பவுடர் எதுவும் கிடையாது. “தேங்காய்ப்பால் இங்கேயே பிழிந்தது” என்று எழுதினால் அது இந்தக் கடையின் வரி. “சுகாதாரமான” என்ற சொல் சொல்ல நினைத்ததையும் அது சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஒரே ஒரு பண்டம் என்றால் எது? கடையில் அதிகம் விற்பதைத்தான் எழுத வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். அக்கா கடையில் அது தோசை. ஆனால் அந்தத் தெருவிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் தோசைக்கு நாலு கடை, புரோட்டாவுக்கு இரண்டு கடை. பக்கத்தில் வேறு யாரும் போடாதது, வீட்டில் செய்யச் சோம்பல் வருவது, அதே சமயம் பெயரைச் சொன்னதும் நாக்கில் ருசி தட்டுவது என்று மூன்றும் சேர்ந்த ஒன்று வேண்டும். திருநெல்வேலிப் பக்கம் சொதி என்கிற தேங்காய்ப்பால் குழம்புக்கு அந்த மூன்றும் உண்டு. முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று பிழிந்து, காயை மூன்றாம் பாலில் வேகவிட்டு, முதல் பாலைக் கடைசியில் ஊற்றித் திரியாமல் இறக்க வேண்டும். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளைக்கு விருந்தாக வைப்பது என்பதால் ‘மாப்பிள்ளைச் சொதி’ என்ற பேரும் இருக்கிறது. கூடவே இஞ்சிப் பச்சடி. இதை வாரநாளில் ஆறு மணிக்கு மேல் எந்த வீட்டில் செய்வார்கள்? ‘சொதி’ என்ற இரண்டெழுத்துக்கு முன்னால் எந்த அடைமொழியும் இங்கே தேவைப்படவில்லை. விளம்பரத்துக்கு இப்படிப்பட்ட ஒரு சொல் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் அந்தச் சொல் எல்லோருக்கும் வேலை செய்யாது. பாளையங்கோட்டையில் கல்லூரிகளும் விடுதிகளும் நிறைய. தருமபுரியிலிருந்தோ வேலூரிலிருந்தோ வந்து படிக்கிற பையனுக்குச் சொதி என்றால் என்னவென்று தெரியாது. அவனுக்கு “தேங்காய்ப்பால் குழம்பு” என்று ஒரு வார்த்தை கூடச் சேர்க்க வேண்டும். யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே பண்டத்துக்கு இரண்டு விதமாக எழுத வேண்டியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தள்ளுபடிக் கணக்கு

அண்ணாச்சியின் யோசனையைத் தாளில் கணக்குப் போட்டுத்தான் பேசினோம். நாலு இடியாப்பம், சொதி, இஞ்சிப் பச்சடி சேர்ந்த தட்டு 60 ரூபாய். அரிசி மாவு, தேங்காய், காய், கேஸ் எல்லாம் சேர்த்து ஒரு தட்டுக்கு 32 ரூபாய் போகிறது. வாடகையும் மாஸ்டர் சம்பளமும் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் கொடுக்க வேண்டியவைதான். அவற்றுக்கும் லாபத்துக்குமாக ஒரு தட்டில் மிஞ்சுவது 28 ரூபாய். ராத்திரி 20 தட்டு விற்றால் 560 ரூபாய்.

இருபது சதவீதம் குறைத்தால் தட்டு 48 ரூபாய். மிஞ்சுவது 16. அதே 560 ரூபாயைப் பார்க்க 35 தட்டு விற்க வேண்டும். அதாவது, பதினைந்து பேர் கூடுதலாக வந்த பிறகுதான் பழைய இடத்துக்கே வந்து நிற்போம். அந்த அளவுக்குக் கூட்டம் வந்தால்கூட, பதினாறாம் நாள் 60 ரூபாய் கேட்கும்போது 48-க்குப் பழகியவர் “விலையை ஏத்திட்டாங்க” என்றுதான் சொல்வார். புதுக்கடை திறக்கிற முதல் மூன்று நாளைக்குத் தள்ளுபடி சரி. ஆறு வருஷமாக அதே இடத்தில் இருக்கிற கடை திடீரென்று தள்ளுபடி போட்டால், வியாபாரம் படுத்துவிட்டது என்று தெருவே பேசிக்கொள்ளும். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டும் என்றால் விலையில் கை வைக்காமல் ஒரு கரண்டி சொதியைக் கூட ஊற்றலாம். அதைக்கூட விளம்பரத்தில் எழுதாமல் இருந்தால்தான், சாப்பிட்டுப் போனவர் நாலு பேரிடம் சொல்வார்.

விலையை எழுதுவதா வேண்டாமா என்பதிலும் அக்காவுக்குத் தயக்கம். தேங்காய் விலை நிலையாக இருப்பதில்லை. ஆனால் சந்துக்குள் இருக்கிற, இதுவரை நுழைந்து பார்க்காத கடை என்றால் உள்ளே போகிறவருக்கு முதல் பயமே விலைதான். உட்கார்ந்த பிறகு விலை கேட்டு எழுந்துபோவது நம் ஊரில் கூச்சமான காரியம். அதனால் சந்தேகம் வந்தால் நுழையாமலே போய்விடுவார்கள். விலையை எழுதத்தான் வேண்டும். ஆனால் அழிக்க முடிகிற இடத்தில் எழுத வேண்டும். அச்சடித்த 60-க்கு மேல் 70 என்று ஸ்டிக்கர் ஒட்டிய போர்டை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வாடிக்கையாளரின் கண் முதலில் போவது அந்த ஸ்டிக்கரின் விளிம்புக்குத்தான்.

இன்னொரு வரியை நானே எடுக்கச் சொன்னேன். தேங்காய்ப்பால் வயிற்றுப் புண்ணுக்கு நல்லது என்று வீட்டில் சொல்வோம். அக்கா “அல்சர் குணமாகும்” என்று சேர்க்கலாமா என்று கேட்டார். உணவு விளம்பரங்களுக்கென 2018-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிமுறைகளின்படி, ஒரு பண்டம் நோயைக் குணப்படுத்தும் என்று எழுதக் கூடாது. சின்னக் கடைக்கும் இது பொருந்தும். அது ஒருபக்கம் இருக்க, பசியோடு வருகிறவருக்கு நோயை நினைவுபடுத்தும் வரி எதற்கு?

நாலு இடங்கள், நாலு விதமான படிப்பு

பிளக்ஸை முதலில் பார்ப்போம், எல்லோருக்கும் ஆசை அதில்தான் இருக்கிறது. மெஸ் சந்துக்குள் இருப்பதால் பிளக்ஸை மெயின் ரோட்டில் வைத்தால்தான் பயன். அங்கே அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்த பேனர் விழுந்து ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் ஒருவர் இறந்துபோனார். அதிலிருந்து என் கையால் அடித்த பேனரை ரோட்டோரக் கம்பத்தில் கட்டச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. சுவரில் போஸ்டர் ஒட்டுவதற்கும் 1959-லிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. பொது இடத்தை அலங்கோலப்படுத்துவது குற்றம். அடுத்தவர் காம்பவுண்டில் ஒட்டிவிட்டு, அவரையே சாப்பிட வரச் சொல்வது எப்படி?

சரி, சொந்தக் கட்டடத்தின் முகப்பில் பிளக்ஸ் வைக்கலாம்தானே? வைக்கலாம். ஆனால் சாப்பாட்டுப் படம் போட்ட பிளக்ஸுக்கு வெயில் எதிரி. பிரின்டர் மையில் மஞ்சளும் ரோஸும்தான் முதலில் வெளுக்கும். நீலமும் கறுப்பும் நின்றுவிடும். நம்ம ஊர் வெயிலில் சில மாதங்களிலேயே தோசையின் பொன்னிறம் போய்ச் சாம்பல் நீலம் தட்டிவிடும். துணிக்கடைப் படத்துக்கு இது பெரிய சேதம் இல்லை. சாப்பாட்டின் மேல் நீலம் ஏறினால் ஊசிப்போன மாதிரி இருக்கும். கடை முகப்பில் அப்படி ஒரு படம் ஒரு வருஷம் தொங்குவதைவிட வெறும் எழுத்தே மேல். படம் வேண்டும் என்றால் இணையத்தில் எடுத்த படத்தைப் போடாதீர்கள். வாழையிலையில் நாலு இட்லி, பக்கத்தில் மூன்று சட்னி என்று வரும் ஒரே படத்தை ஊரில் எத்தனை கடையில் பார்த்திருப்போம்! சாயங்காலம் நாலு மணி வாக்கில், ஜன்னல் பக்கம் உங்கள் தட்டையே வைத்துப் படம் எடுங்கள். அதை பிரின்டிங் கடைக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருங்கி வரும். பெரிதாக்கும்போது இடியாப்பத்தின் நூல் எல்லாம் கலங்கி ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும்.

அடுத்தது பிட் நோட்டீஸ். ஆயிரம் நோட்டீஸ், மஞ்சள் தாளில் ஒரே கலர், பேப்பர் ஏஜென்டிடம் கொடுத்து நாளிதழுக்குள் வைப்பதற்கும் சேர்த்து அக்காவுக்கு 1,700 ரூபாய் ஆனது. வீட்டுக்கே போய்ச் சேர்கிறது, உட்கார்ந்து படிக்கிறார்கள், நிறைய எழுதலாம் என்பதெல்லாம் அதன் பலம். அது போய்ச் சேரும் நேரம்தான் பலவீனம். காலை ஆறரை மணிக்குக் காபியோடு பேப்பர் பிரிக்கிறவர் சாயங்கால டிபனைப் பற்றி நினைப்பதில்லை. நோட்டீஸ் பன்னிரண்டு மணி நேரம் வீட்டில் உயிரோடு இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, எடுத்து வைக்கத் தக்கதாக ஏதாவது அதில் இருப்பதுதான். அக்காவின் முதல் வாசகத்தில் இருந்த பட்டியலுக்கு இங்கேதான் இடம் கிடைத்தது. ஆனால் பண்ட வரிசையாக எழுதாமல் கிழமை வரிசையாக எழுதினோம். தினமும் சொதி செட், அதோடு திங்கள் ஆப்பம், புதன் அடை–அவியல் என்று கிழமைக்கு ஒன்றாக ஞாயிறு வரைக்கும். அதற்குக் கீழே போன் நம்பர், “ஐந்து மணிக்குள் சொன்னால் பார்சல் கட்டி வைக்கிறோம்” என்று ஒரு வரி. நாள்காட்டி பக்கத்தில் குத்தி வைக்கிற மாதிரி ஆக்கினோம். ஏஜென்டிடம் “ஊர் முழுக்க வேண்டாம், மெஸ்ஸிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருக்கிற தெருக்களுக்கு மட்டும் போதும்” என்று தெருப் பெயர்களை எழுதிக் கொடுத்தோம். இதைச் சொல்லாவிட்டால் பாதி நோட்டீஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் டவுனுக்குப் போய்விடும். அங்கிருந்து யாரும் இடியாப்பம் சாப்பிடப் பாளையங்கோட்டைக்கு வரப்போவதில்லை.

மூன்றாவது, கரும்பலகை. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம், எங்கள் கடைக்கு இதில் வருமானம் இல்லை என்றாலும். சந்து மெயின் ரோட்டில் சேருகிற முக்கில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அந்தக் கடைக்காரரிடம் கேட்டு, அவருடைய படிக்கட்டுக்குள்ளேயே, நடைபாதையை மறைக்காமல், நாலடி அகலம் மூன்றடி உயரத்தில் ஒரு பலகை வைத்தோம். பலகை, ஸ்டாண்டு, சின்ன எல்இடி விளக்கு எல்லாம் 1,250 ரூபாய்.

இதற்கு வாசகம் எழுதும்போது ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பைக்கில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடிக்கு எட்டு மீட்டர் கடக்கிறார். போர்டு எழுதுகிறவர்களிடம் ஒரு கை அளவு உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் எழுத்து வேண்டும். நாலங்குல எழுத்து 40 அடியிலிருந்து, அதாவது 12 மீட்டரிலிருந்து நன்றாகத் தெரியும். பைக்காரருக்குக் கிடைப்பது ஒன்றரை நொடி. அதற்குள் மூன்று நாலு வார்த்தைதான் கண்ணில் ஏறும். நம் எழுத்துக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கொம்பு, கால், சுழி, மேலே புள்ளி என்று எழுத்துகள் பக்கவாட்டில் விரிகின்றன. ‘இடியாப்பம்’ என்ற ஒரு சொல் நாலங்குல உயரத்தில் இரண்டரை அடி அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். நாலடிப் பலகையில் அந்த வரியில் வேறு எதுவும் வராது. ‘கிடைக்கும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அதற்கே ஒரு வரி போகும். சாப்பாட்டுக் கடையில் இடியாப்பம் என்று எழுதியிருந்தால் கிடைக்கும் என்றுதானே அர்த்தம்? சொல்லை உடைத்து ‘இடியாப்’ மேலே, ‘பம்’ கீழே என்றும் எழுதக் கூடாது. ஓடுகிற கண்ணுக்கு அது புரியாது.

அதனால் பலகை இரண்டு அளவு எழுத்தில் அமைந்தது. பைக்காரருக்குப் பெரிய எழுத்தில் “இடியாப்பம் / சொதி”. நடந்து போகிறவருக்கு ஒன்பது பத்து நொடி கிடைக்கும். அவருக்குச் சின்ன எழுத்தில் “சாயங்காலம் 6–9 · 60 ரூ. · இந்தத் தெருவில் நாலாவது கடை”. ‘மாலைச் சிற்றுண்டி’ என்று எழுதச் சொல்லி அண்ணாச்சி கேட்டார். அழகான சொல்தான். ஆனால் பசித்தவர் மனதுக்குள் கேட்டுக்கொள்வது “டிபனுக்கு எங்க போவோம்?” என்பது. அவர் கேட்கிற வார்த்தையிலேயே பலகை பதில் சொல்ல வேண்டும். ‘அருகில்’ என்ற சொல்லையும் தவிர்த்தோம். மார்க்கெட் அருகில் என்றால் நாலு பக்கமும் மார்க்கெட் அருகில்தான். ‘நாலாவது கடை’ என்றால் எண்ணிக்கொண்டே நடந்து வந்துவிடலாம்.

எழுதுவதற்குச் சில நுணுக்கம் பழக வேண்டியிருந்தது. சாக்பீசைத் தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்து எழுதினால், எழுதும்போது மங்கலாக இருக்கும். காய்ந்ததும் பளிச்சென்று வரும். சட்டை உரசினாலும் சீக்கிரம் அழியாது. சிவப்பு சாக்பீஸ் பகலில் நன்றாகத் தெரிந்தது. விளக்கு போட்ட பிறகு கறுப்பில் கரைந்து போய்விட்டது. வெள்ளையும் மஞ்சளும் போதும். முதல் நாள் அக்கா அன்போடு பலகையின் நாலு மூலையிலும் பூ வரைந்து வைத்திருந்தார். பூவுக்கு விட்ட இடத்தால் எழுத்து இரண்டரை அங்குலமாகச் சுருங்கிவிட்டது. எதிர்ச் சாரியிலிருந்து பார்த்தபோது பூ தெரிந்தது, சொதி தெரியவில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து போய் அங்கே நின்று பார்க்கச் சொன்னேன். அவரே வந்து பூவை அழித்தார். எந்த போர்டையும் எழுதி முடித்ததும் இப்படி எதிர்ப்பக்கம் போய் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கணினித் திரையிலும் கைக்கெட்டும் தூரத்திலும் எல்லா எழுத்தும் பெரிதாகத்தான் தெரியும்.

நாலாவது வாட்ஸ்அப். காசு செலவில்லை என்பதால் எல்லோரும் சுலபமாக நினைக்கிறார்கள். ஸ்டேட்டஸ் வைத்தால் ஊரே பார்க்கும் என்று அண்ணாச்சி நினைத்தார். அவர் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களில், அவரும் யாருடைய நம்பரைச் சேமித்திருக்கிறாரோ அவர்களுக்குத்தான் அது தெரியும். அப்படிப் பார்த்தால் முக்கால்வாசி சொந்தக்காரர்கள். புது ஆளைக் கொண்டுவர வாட்ஸ்அப் உதவாது. வந்தவரை மறுபடி வரவைக்கத்தான் அது. அதனால் அதற்கான வாசகத்தை முதலில் பில் போடுகிற மேசையில் ஒட்டினோம்: “நாளைக்கு என்ன டிபன்னு தெரியணுமா? இந்த நம்பரைச் சேமிச்சு, ‘டிபன்’னு ஒரு மெசேஜ் போடுங்க.” மெசேஜ் வந்ததும் அண்ணாச்சி அந்த நம்பரைச் சேமித்துக்கொள்வார். தினமும் நாலரை மணிக்கு, தட்டின் படமும் கூடவே இரண்டு வரியும் ஸ்டேட்டஸில் வரும். அதற்கு முன்னால் வைத்தால் யாருக்கும் பசி இல்லை. ஆறு மணிக்கு மேல் வைத்தால் எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்திருப்பார்கள். விடுதிப் பையன்கள்தான் அதிகம் சேர்ந்ததால் இங்கே எழுதியது “இன்னைக்கு சொதித் தட்டு. இடியாப்பம், காய்கறி போட்ட தேங்காய்ப்பால் குழம்பு, காரம் கம்மி.” பலகையில் இந்த விளக்கத்துக்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை.

பிளக்ஸுக்கும் பலகைக்கும் எழுத்து நடை ஒன்றாக இருக்கலாம். வாட்ஸ்அப்புக்கு மாறத்தான் வேண்டும். “வாருங்கள்” என்று ஸ்டேட்டஸில் எழுதினால் கல்யாண அழைப்பு மாதிரி இருக்கும். “வாங்க” என்று நோட்டீஸில் அடித்தால் வயதானவர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. நோட்டீஸில் எழுத்து நடை, போனில் பேச்சு நடை, பலகையில் வினைச்சொல்லே இல்லை. இப்படிப் பிரித்துக்கொண்டோம்.

எது ஆள் கொண்டுவந்தது என்று எப்படித் தெரியும்

வாடிக்கையாளரிடம் “எப்படித் தெரிஞ்சு வந்தீங்க?” என்று கேட்டால் பெரும்பாலும் “சும்மா வந்தேன்” என்பார்கள். அதனால் ஒரு சின்ன ஏற்பாடு செய்தோம். ஒரே தட்டுக்கு மூன்று பெயர். பலகையில் “இடியாப்பம் – சொதி”. நோட்டீஸில் “சொதி செட்”. வாட்ஸ்அப்பில் “சொதித் தட்டு”. வந்தவர் எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்கிறாரோ அதற்கு நேராக மாஸ்டர் நோட்டில் ஒரு கோடு போட்டார். “சொதி இருக்கா?” என்று மட்டும் கேட்டவர்களைத் தனியாக எழுதினோம். அவர்களில் பாதி பழைய ஆட்கள்.

இரண்டு வாரத்து நோட்டைப் பார்த்தபோது, முன்பு ஒரு ராத்திரிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று தட்டு போனது இருபத்தாறு, இருபத்தேழு என்று வந்திருந்தது. கூடுதலாக வந்ததில் பெரும்பகுதி பலகையின் கோடுகள். நோட்டீஸ் முதல் இரண்டு நாள் ஆள் கொண்டுவந்தது, அப்புறம் சாயங்காலம் உட்கார்ந்து சாப்பிட யாரும் அதைச் சொல்லி வரவில்லை. ஆனால் பார்சல் போன்கள் அதிலிருந்துதான் வந்தன, அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில். ஒரு போன் வந்தால் நாலைந்து தட்டு போகும். வாட்ஸ்அப் முதல் வாரம் ஒன்றுமில்லை, இரண்டாவது வாரம் மெல்ல ஏறியது. நடுவில் இரண்டு நாள் மழை. அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டோம். மழையில் சுடச்சுட இடியாப்பம் கேட்டு வருகிறவர்கள் விளம்பரம் இல்லாமலும் வருவார்கள், பலகையும் அன்றைக்கு நனைந்து அழிந்துதான் கிடந்தது.

இதை வைத்து எல்லாச் சாப்பாட்டுக் கடைக்கும் பலகைதான் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கடை சந்துக்குள் இருந்தது, முக்கில் ஆள் நடமாட்டம் இருந்தது, இடம் கொடுக்க ஒரு மனிதர் இருந்தார். கடையே மெயின் ரோட்டில் இருந்தால் முகப்பில் படமில்லாத பெரிய எழுத்து போர்டு போதும். அதற்கு விலை எழுத ஒரு சின்னப் பலகையைக் கீழே தொங்கவிடலாம். வீடுகள் மட்டும் இருக்கிற நகர்ப் பகுதியில், தெருவில் நடமாட்டமே இல்லாத இடத்தில், கிழமை நோட்டீஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுவதுதான் வழி. விடுதிகளுக்கு நடுவில் இருந்தால் வாட்ஸ்அப்பில் தொடங்கலாம். ஆனால் பில் மேசையில் அந்த ஸ்டிக்கர் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மிச்சம் இருந்த 50 ரூபாய்க்கு ஒரு பெட்டி சாக்பீஸ் வாங்கினோம். இப்போது எட்டேகாலுக்கு எல்லாம் சொதி தீர்ந்துவிடுகிற நாட்கள் வருகின்றன. முதல் தடவை அப்படித் தீர்ந்தபோது முக்கில் பலகை அப்படியே இருந்தது. அதைப் பார்த்து உள்ளே வந்த மூன்று பேர் ஏமாந்து திரும்பிப் போனார்கள். அடுத்த நாளிலிருந்து கடைசித் தட்டுக்கு முந்தின தட்டு போனதும் மாஸ்டர் பையனை முக்குக்கு அனுப்பிவிடுகிறார். பையன் ஈரத் துணியால் மேல் இரண்டு வரியைத் துடைத்துவிட்டு, அதே நாலங்குல எழுத்தில் எழுதிவிட்டு வருகிறான்: “ஆப்பம் இருக்கு”.